ஒரு காதில் மட்டும் நீர்: மூக்கின் பின்புறத்தை டாக்டர் ஏன் பார்க்கிறார்?



மருத்துவ உதவி கேட்டு அறக்கட்டளைக்கு வருகிறவர்கள் சில சமயம் ஒரு குறையைச் சொல்வார்கள். "காது கேட்கலைன்னு போனோம். டாக்டர் காதைப் பாத்துட்டு மூக்குக்குள்ள குழாய் விடணும்னு சொல்றார். காசு பிடுங்கப் பாக்குறாரோன்னு திரும்பி வந்துட்டோம்." காதுக்கு வந்தவரின் மூக்கைப் பார்ப்பது விளங்காத காரியமாகத்தான் தோன்றும். ஆனால் வயது வந்த ஒருவருக்கு ஒரு காதில் மட்டும், தெளிவான காரணம் எதுவும் இல்லாமல் நீர் கோத்திருந்தால், அந்த மூக்குப் பரிசோதனையைச் செய்யாமல் விடுவதுதான் தவறு. ஏன் என்பதை இந்த இதழில் படிப்படியாகப் பார்ப்போம்.

செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சிறிய அறை

காதுத் துளைக்குள் போனால் ஒரு மெல்லிய தோல் குறுக்கே நிற்கும். அதுதான் செவிப்பறை. அதற்குப் பின்னால் நடுச்செவி என்ற சிறிய அறை இருக்கிறது. ஒரு தேக்கரண்டியில் பாதி நீர்கூட அதற்குள் கொள்ளாது. அந்த அறையில் இருக்க வேண்டியது காற்று மட்டுமே. காற்று இருந்தால்தான் செவிப்பறை தாராளமாக அதிரும். ஒலி உள்ளே போகும்.

அறைக்குள் இருக்கும் காற்றை அதன் சுவரே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டப் புதுக் காற்று வர வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்புறம் வரைக்கும் ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு குழாய் ஓடுகிறது. ஈஸ்டாக்கியன் குழாய் என்று டாக்டர்கள் சொல்வார்கள். நாம் செவிக்குழல் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக அது மூடியே இருக்கும். நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மேல் அண்ணத்துத் தசை ஒன்று அதை இழுத்துத் திறக்கும். விமானம் இறங்கும்போது விழுங்கினால் காதில் 'டப்' என்று கேட்பது இந்தக் குழல் திறக்கும் ஓசைதான்.

குழல் திறக்காமல் போனால் அறைக்குள் காற்று குறையும். செவிப்பறை உள்வாங்கும். அறையின் சுவரிலிருந்து நீர் ஊறி, காற்று இருந்த இடத்தில் தேங்கும். வலி பெரும்பாலும் இருக்காது, காய்ச்சல் இருக்காது, சீழ் வடியாது. காது அடைத்த மாதிரி இருக்கும். தன் குரல் தனக்கே குடத்துக்குள் பேசுவதுபோல் ஒலிக்கும். தலையைச் சாய்த்தால் உள்ளே ஏதோ நகர்வதுபோல் தோன்றும்.

இந்த நீர் வெளியிலிருந்து போனது அல்ல என்பதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். "ஒளூச் செய்யும்போது போயிடுச்சு", "ஊருணியில குளிக்கும்போது போயிடுச்சு" என்று பலர் நினைக்கிறார்கள். செவிப்பறையில் ஓட்டை இல்லாதவரை வெளியிலிருந்து ஒரு சொட்டுக்கூட அந்த அறைக்குள் நுழையாது. அதேபோல, காதில் விடும் சொட்டு மருந்தும் அங்கே போய்ச் சேராது.

குழந்தைக்கு ஒரு கணக்கு, பெரியவருக்கு வேறு கணக்கு

சிறு பிள்ளைகளுக்குக் காதில் நீர் கோப்பது மிகச் சாதாரணம். அவர்களின் செவிக்குழல் குட்டையானது, படுக்கை வாட்டமாக இருக்கும். மூக்கின் பின்புறத்தில் அடினாய்டு என்ற சதையும் அந்த வயதில் பெரிதாக இருக்கும். அதனால் சளி பிடித்தாலே குழல் அடைபடும். பெரும்பாலும் இரண்டு காதிலும் நீர் சேரும். பல பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாகவே வற்றிவிடும்.

பெரியவர்களுக்குக் குழல் நீண்டு, சாய்ந்து, நன்றாக வேலை செய்கிறது. அடினாய்டும் இளமையிலேயே சுருங்கிவிடுகிறது. ஆகவே பெரியவருக்கு நீர் கோத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது சாதாரணக் காரணம்தான்: அண்மையில் பிடித்த கடும் சளி, சைனஸ் தொல்லை, ஒவ்வாமை, அல்லது சளியோடு விமானத்தில் பயணம் செய்தது. இவற்றால் வந்தது சில நாளிலோ சில வாரத்திலோ குறைந்துகொண்டே வரும்.

சளியும் ஒவ்வாமையும் மூக்கு முழுவதையும் பாதிப்பவை. ஆகவே அவை இரண்டு காதையும் தொடுவது வழக்கம். ஒரு காது மட்டும் வாரக்கணக்கில் அடைத்துக் கிடந்து, மறு காது நன்றாக இருக்கிறது என்றால், அந்தப் பக்கத்துக் குழலின் வாசலில் மட்டும் ஏதோ இருக்கிறதா என்ற கேள்வி எழத்தான் செய்யும். அந்த வாசல் இருப்பது காதில் அல்ல, மூக்கின் பின்புறத்தில். டாக்டர் மூக்கைப் பார்க்கக் கேட்பது இதற்காகத்தான்.

கண்ணுக்கு எட்டாத ஒரு பள்ளம்

மூக்குத் துளைகள் பின்னால் போய் முடிகிற இடத்தில், உள்நாக்குக்கு மேலே, மண்டை ஓட்டின் அடித்தளத்துக்குக் கீழே ஒரு சிறு அறை இருக்கிறது. இதை மூக்குத்தொண்டை என்பார்கள். அதன் இடச் சுவரிலும் வலச் சுவரிலும் செவிக்குழலின் வாசல் ஒவ்வொன்று திறக்கிறது. ஒவ்வொரு வாசலுக்கும் சற்றுப் பின்னால் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. ரோசன்மியூலர் என்ற ஜெர்மானிய உடற்கூறு அறிஞரின் பெயரால் அதை அழைக்கிறார்கள்.

மூக்குத்தொண்டையில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் முதலில் வேர் பிடிப்பது இந்தப் பள்ளத்தில்தான். அந்த இடத்தில் உணவு போவதில்லை. ஆகவே விழுங்குவதில் தடை வராது. அறை காலியானது, ஆகவே கட்டி நன்றாக வளரும்வரை மூச்சும் அடைக்காது. வாயைத் திறந்து காட்டினாலும் தெரியாது, மூக்குத் துளையில் டார்ச் அடித்தாலும் தெரியாது. ஆனால் பக்கத்திலேயே குழலின் வாசல் இருக்கிறது. கட்டி வாசலை அமுக்கும். சில சமயம் குழலைத் திறக்கும் தசைக்குள்ளேயே பரவி, அதை வேலை செய்யவிடாமல் ஆக்கும். அப்போது அந்தப் பக்கத்துக் காதில் நீர் கோக்கும்.

அதாவது, மறைந்திருக்கும் நோய் வெளியே காட்டும் முதல் அறிகுறி சிலருக்குக் காது அடைப்புதான். காதில் எந்தக் கோளாறும் இல்லாமலே காது அடைத்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

இதை ஒரு மனிதரை வைத்துப் பார்ப்போம். இவர் உண்மையான ஒருவர் அல்லர். மருத்துவமனைகளில் நடக்கும் வரிசையை விளக்க நாங்கள் அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு.

வயது 47. வளைகுடாவில் வேலை. விடுமுறையில் திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கிக் காளையார்கோவிலுக்கு வந்தார். இடது காது அடைத்திருந்தது. "ஃப்ளைட்ல வந்ததுல அடைச்சுக்கிச்சு, சரியாயிரும்" என்றார். ஒரு மாதம் ஆனது. பள்ளியில் இமாமுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தால் பயான் சரியாகக் கேட்கவில்லை. போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டார். மருந்துக் கடையில் கேட்டு, காதுக் குரும்பியைக் கரைக்கும் சொட்டு மருந்து ஒரு வாரம் விட்டார். பிறகு பத்து நாள் மாத்திரை சாப்பிட்டார். அடைப்பு அப்படியே இருந்தது. ஏழாவது வாரம் மகள் வற்புறுத்தினாள்: "அத்தா, டி.வி. சத்தத்தை நாளுக்கு நாள் கூட்டிக்கிட்டே போறீங்க. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துருவோம்."

காது மூக்கு தொண்டை டாக்டர் முதலில் காதைப் பார்த்தார். குரும்பி இல்லை. செவிப்பறை கிழியவில்லை, ஆனால் வழக்கமான முத்துப் பளபளப்பு இல்லாமல் மங்கலாக, தேன் நிறத்தில் இருந்தது. பின்னால் நீர் நிற்பதன் அடையாளம் அது.

அடுத்து இசைக்கவையைத் தட்டி நெற்றியின் நடுவில் வைத்தார். "எந்தக் காதுல கேக்குது?" என்று கேட்டார். "அடைச்ச காதுலதான் சத்தமா கேக்குது" என்றார் இவர், வியப்போடு. இதற்குப் பொருள் உண்டு. காது நரம்பு நன்றாக இருந்து, ஒலி போகும் வழியில் மட்டும் தடை இருந்தால், எலும்பு வழியாக வரும் ஓசை அடைத்த காதிலேயே கூடுதலாகக் கேட்கும். கேட்புத் திறன் சோதனையும் அதையே சொன்னது: காற்று வழியாக 35 டெசிபல் கொடுத்தால்தான் கேட்டது, எலும்பு வழியாக 10 டெசிபலே போதுமாக இருந்தது. செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி சோதனையில் மலைபோல் எழ வேண்டிய கோடு தரையாகக் கிடந்தது. மூன்றும் சேர்ந்து, நடுச்செவியில் நீர் இருப்பது உறுதியானது.

இதோடு நின்றிருந்தால் பாதி வேலைதான். டாக்டர் சில கேள்விகளைக் கேட்டார். விமானத்துக்கு முன் சளி இருந்ததா? இல்லை. அடைப்பு விமானத்தில்தான் தொடங்கியதா? யோசித்துப் பார்த்தால், புறப்படுவதற்குப் பத்து நாளுக்கு முன்பே லேசாக இருந்தது. காலையில் காறித் துப்பும் சளியில் இரத்தக் கீற்று வந்ததா? "ரெண்டு மூணு தடவை வந்துச்சு. பல்லுல இருந்து வருதுன்னு நெனச்சேன்." இடது மூக்கு அடைப்பு? கொஞ்சம். பொருள்கள் இரண்டாகத் தெரிகிறதா, கன்னம் மரத்திருக்கிறதா? இல்லை. பிறகு டாக்டர் கழுத்தை இரு பக்கமும் தடவிப் பார்த்தார். இடது காதுக்குக் கீழே, தாடை முனைக்குப் பின்னால், நெல்லிக்காய் அளவில் வலியில்லாத ஒரு கட்டி. இவர் அதைக் கவனித்திருக்கவே இல்லை.

இங்கே விமானம் ஒரு திரையாக நின்றது. விமானத்தால் வரும் அடைப்பு இறங்கிய நேரத்தில் தொடங்கும், பெரும்பாலும் வலிக்கும், நாளாக நாளாகக் குறையும். இது முன்பே தொடங்கியது, வலிக்கவில்லை, குறையவும் இல்லை.

குழாய் விட்டுப் பார்ப்பது எப்படி நடக்கும்?

பயப்பட வேண்டிய பரிசோதனை அல்ல இது. மயக்க மருந்து வேண்டாம், மருத்துவமனையில் தங்க வேண்டாம். மூக்கு வீக்கத்தைக் குறைக்கவும் மரத்துப்போகவும் மருந்து நனைத்த பஞ்சை மூக்கில் சில நிமிடம் வைப்பார்கள், அல்லது ஸ்பிரே அடிப்பார்கள். தொண்டையில் கசப்பு இறங்கும். சிறிது நேரம் தொண்டை மரத்திருக்கும். அந்த மரப்பு போகும்வரை சூடாக எதுவும் குடிக்கக் கூடாது.

பிறகு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் பருமனுள்ள எண்டோஸ்கோப்பை, அதாவது பென்சிலைவிட மெல்லிய கருவியை, மூக்கின் தரையை ஒட்டிப் பின்னால் கொண்டுபோவார்கள். அழுத்தம் தெரியும், கண்ணில் நீர் வரும். சில நிமிடத்தில் முடிந்துவிடும். பெண்கள் முகத்திரையை விலக்கினால் போதும், உடை மாற்ற வேண்டியதில்லை. வீட்டார் ஒருவர் கூடவே இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டாக்டர் பார்ப்பது ஒப்பீடு. வலப்பக்க வாசலும் பள்ளமும் எப்படி இருக்கின்றன, இடப்பக்கம் எப்படி இருக்கிறது? நம் எடுத்துக்காட்டில் வலப்பக்கப் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. இடப்பக்கம் பள்ளம் இருக்க வேண்டிய இடம் மேடிட்டு, தொட்டால் இரத்தம் கசிவதாக இருந்தது. அங்கிருந்து அரிசி அளவு சதை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பினார்கள். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதற்கு முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். கட்டி சில சமயம் மேல் தோலுக்கு அடியில் ஒளிந்து, மேற்பரப்பு வழவழப்பாகவே இருக்கும். ஆகவே எண்டோஸ்கோப்பில் எதுவும் தெரியவில்லை என்றாலும், நீர் வற்றாமல் இருந்தாலோ கழுத்தில் கட்டி இருந்தாலோ எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். முதல் பயாப்சியில் ஒன்றும் இல்லை என்று வந்தும் சந்தேகம் தீராவிட்டால் மறுபடி எடுப்பதும் உண்டு. "ஒண்ணுமில்லைன்னு சொன்ன பிறகு எதுக்கு மறுபடியும்?" என்று அப்போது கோபப்பட வேண்டாம்.

காலம் வீணாகும் மூன்று இடங்கள்

முதலாவது, காதை மட்டும் வைத்தியம் பார்ப்பது. சொட்டு மருந்து மாற்றி மாற்றி விடுவதும், மாத்திரைக் கோர்ஸ் இரண்டு மூன்று முடிப்பதும் இதில் சேரும். பெரியவருக்கு ஒரு காதில் அடைப்பு மூன்று நான்கு வாரத்தைத் தாண்டினால், அடுத்த மருந்துச் சீட்டுக்கு முன்னால் காதைக் கருவி வைத்துப் பார்த்திருக்க வேண்டும். நீர் இருப்பது தெரிந்தால் மூக்கின் பின்புறத்தையும் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது, குழல் வைப்பது. செவிப்பறையில் சிறு துளையிட்டு நீரை உறிஞ்சி, குரோமெட் என்ற மிகச் சிறிய குழலைப் பொருத்துவார்கள். நல்ல சிகிச்சைதான், அன்றைக்கே காது திறந்துவிடும். ஆனால் மூக்கின் பின்புறத்தைப் பார்க்காமல் இதைச் செய்தால், எச்சரித்த மணியை நிறுத்திவிட்டு உறங்கப் போனது போலாகும். காது கேட்கத் தொடங்கியதும் நோயாளி திரும்ப வரமாட்டார். கட்டி சத்தமில்லாமல் வளரும். நோய் உறுதியாகிக் கதிர்வீச்சு கொடுக்க இருப்பவர்களுக்குக் குரோமெட் வைத்தால் காதில் சீழ் வடிதல் நீடிக்கும் என்பதால் பல டாக்டர்கள் அதைத் தவிர்ப்பார்கள். ஆகவே முதலில் மூக்கு, பிறகு குழல் என்பதே சரியான வரிசை.

மூன்றாவது, கழுத்துக் கட்டி. நம் நாட்டில் கழுத்தில் நெறி கட்டினால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அது நியாயமான சந்தேகமே. நெறிக்கட்டிக் காசநோய் இங்கே அதிகம். ஆனால் ஊசி வைத்துக் கட்டியிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்காமல், அனுமானத்தில் ஆறு மாத மாத்திரையைத் தொடங்கிவிட்டால், அந்த ஆறு மாதமும் நோய்க்குக் கிடைத்த அவகாசமாகிவிடும். "ஊசி டெஸ்ட் எடுத்தாச்சா? அதுல என்ன வந்துச்சு?" என்று கேட்பது நம் உரிமை. கட்டியும் காது அடைப்பும் ஒரே பக்கத்தில் இருந்தால், இரண்டையும் ஒரே டாக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். பலர் கட்டியை ஒருவரிடமும் காதை இன்னொருவரிடமும் காட்டுகிறார்கள்; இரண்டுக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தெரியாமலே போகிறது.

நம் பகுதியில் இது எவ்வளவு?

இதைப் படித்துவிட்டுக் காது அடைத்த ஒவ்வொருவரும் கலங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மூக்குத்தொண்டைப் புற்றுநோய் மிக அரிது. காதில் நீர் கோத்த பெரியவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பரிசோதனையில் எதுவும் இருக்காது. இந்தியாவில் இந்நோய் அதிகம் பதிவாவது வடகிழக்கில், குறிப்பாக நாகாலாந்தில். உலக அளவில் தென் சீனா, ஹாங்காங், மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் வாழும் தென் சீன வம்சாவளியினரிடம் அதிகம். மலேசியாவின் சரவாக் மாநிலத்து பிடாயூ மக்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது.

நம் குடும்பங்களில் பலருக்கு மலேசியாவோடு தலைமுறைத் தொடர்பு உண்டு. அங்கே போய் வந்ததாலேயே இந்நோய் வந்துவிடாது; அங்குள்ள தமிழர்களிடமும் இது குறைவாகவே காணப்படுகிறது. பரம்பரை வாகு, எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ், சில பழக்கங்கள் ஆகியவை ஒன்றுசேரும்போதுதான் நோய் உருவாகிறது. அந்த வைரஸ் உலகில் வயது வந்த பெரும்பாலோர் உடலில் தீங்கின்றி இருக்கிறது. ஆகவே வைரஸ் இருப்பது மட்டும் நோய்க்கு அடையாளம் அல்ல. சீன முறையில் பதப்படுத்தும் உப்பு மீன் இந்தப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. அந்த வகைப்பாடு சீன முறை உப்பு மீனைக் குறித்தது. நம் கருவாட்டைக் குறித்தது அல்ல. புகைபிடிப்பது ஆபத்தைக் கூட்டும்.

அரிது என்பதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஹாங்காங்கில் பெரியவர் ஒருவர் ஒரு காது அடைப்பு என்று போனால் இந்த நோய் முதலிலேயே டாக்டரின் நினைவுக்கு வரும். நம் பக்கத்தில் அப்படி வராமல் போகலாம். ஆகவே நாமே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

கண்டுபிடித்தால்?

நம் எடுத்துக்காட்டு மனிதருக்குப் பயாப்சி நோயை உறுதி செய்தது. எம்.ஆர்.ஐ.யும் உடல் முழுவதற்குமான ஸ்கேனும் எடுத்து, நோய் மூக்குத்தொண்டையிலும் கழுத்து நெறியிலும் மட்டுமே இருப்பதைப் பார்த்தார்கள். மண்டை ஓட்டின் அடியில் இருக்கும் இடம் என்பதால் அறுவைச் சிகிச்சை இங்கே முதல் வழி அல்ல. ஆனால் இந்த வகைப் புற்றுநோய் கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும். வாரம் ஐந்து நாள் வீதம் ஏறத்தாழ ஏழு வாரம், 33 முதல் 35 முறை கதிர்வீச்சு. கழுத்துக்குப் பரவியிருந்தால் கூடவே கீமோதெரபி. தொடங்குவதற்கு முன் பல் டாக்டரிடம் காட்டிச் சொத்தைப் பல்லைச் சரிசெய்ய வேண்டும். பின்னால் வாய் உலர்ந்து பல் கெடுவது இதன் பக்கவிளைவு. சிகிச்சைக்குப் பின்னும் காதில் நீர் நீடிக்கலாம். அதற்குச் செவித்துணைக் கருவி உதவும்.

முதல் கட்டத்திலேயே பிடித்துவிட்டால், இன்றைய கதிர்வீச்சு முறையில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஐந்தாண்டைத் தாண்டி வாழ்கிறார்கள். மூளை நரம்புகளைத் தொட்ட பிறகோ உடலில் பரவிய பிறகோ வந்தால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. மலேசியாவின் புகழ்பெற்ற பூப்பந்து வீரர் லீ சோங் வெய்க்கு 2018-ல் இந்நோய் தொடக்க நிலையில் கண்டறியப்பட்டது. தைவானில் சிகிச்சை பெற்றுத் திரும்பி, மறு ஆண்டே பயிற்சிக்கு வந்தார். 2019 ஜூனில் போட்டி ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். பட்டத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தது, உயிரை அல்ல.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை

ஒரு காது திடீரென அடைத்தால், வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். ஓசை அடைத்த காதில் கூடுதலாகக் கேட்டால், குரும்பியோ நீரோ போன்ற தடையாக இருக்கலாம். சில நாளில் டாக்டரிடம் போகலாம். நல்ல காதில் கூடுதலாகக் கேட்டால், காது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். அது வேறு நோய், அவசரமானது; அன்றைக்கோ மறுநாளோ போக வேண்டும், வாரக்கணக்கில் தள்ளினால் கேட்புத் திறன் திரும்பாமல் போகலாம். இந்த முனகல் சோதனை எவ்வளவு விரைவாகப் போக வேண்டும் என்பதற்கு மட்டும்தான் உதவும், காரணத்தைச் சொல்லாது.

எப்போது, எங்கே?

பெரியவருக்கு ஒரு காது அடைப்பு மூன்று நான்கு வாரமாகக் குறையாமல் இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். அதோடு காறித் துப்புவதில் இரத்தக் கீற்று, ஒரு பக்க மூக்கடைப்பு, கழுத்தில் வலியில்லாத கட்டி, இரட்டைப் பார்வை, கன்னத்தில் மரப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வாரங்களை எண்ணாமல் உடனே போங்கள்.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. மதுரை பாலரெங்காபுரத்தில் அரசின் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் அதையும் குடும்ப அட்டையையும் ஆதாரையும் முதல் நாளே எடுத்துச் செல்லுங்கள்.

டாக்டரிடம் மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொல்லுங்கள்: அடைப்பு எந்தத் தேதியில் தொடங்கியது, அப்போது சளியோ விமானப் பயணமோ இருந்ததா, இதுவரை என்னென்ன மருந்து எடுத்தீர்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: "மூக்குக்குப் பின்னால பாத்தீங்களா டாக்டர்?" பார்த்து எதுவும் இல்லை என்றால், எப்போது மறுபடி வர வேண்டும் என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நீர் வற்றிவிட்டது என்று அவர் காதைப் பார்த்துச் சொல்லும்வரை அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.